பயிற்சிக்குத் தெரிவாகாதவர்களுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருக்கிறேன். பால் தரப் பரிசோதனை பற்றிய ஐந்து நாள் வதிவிடப் பயிற்சிக்கு எங்களுக்கு மூன்று இடம்தான் கிடைத்தது. ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். யாரை எடுத்தோம், எதை வைத்து எடுத்தோம், மற்ற ஆறு பேரை ஏன் எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் ஒரு ஈமெயில் போடச் சொல்லி முகாமையாளர் கேட்கிறார். இதை எப்படி எழுதுவது?

பதில்:

ஒரே மெயிலில் எழுதாதீர்கள். பொது மெயிலில் தெரிவான மூன்று பேரின் பெயரும், தெரிவுக்கு வைத்த நிபந்தனைகளும், அவற்றை என்ன வரிசையில் பார்த்தீர்கள் என்பதும் போகட்டும். தெரிவாகாத ஆறு பேரின் பெயரோ காரணமோ அதில் ஒரு வரிகூட வரக்கூடாது. அந்தக் காரணங்களை ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அந்த ஆறு கடிதங்களும் பொது மெயிலுக்கு முன்னரே போய்ச் சேர வேண்டும். முகாமையாளர் கேட்பது எல்லாமே இதில் அடங்கிவிடும். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் தர்மபுரத்து ஆளின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று முழங்காவில் ஆளுக்குத் தெரியத் தேவையில்லை. பொது மெயில் அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் படமாகப் போய்விடும், இரவுக்குள் ஊரிலும் தெரிந்துவிடும். நம்மூர்ச் சங்கங்களில் வேலை செய்பவர்கள் ஒருவருக்கொருவர் மச்சான், மாமி, ஒன்றுவிட்ட தங்கச்சி என்று ஏதோ ஒரு முறையில் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அலுவலகத்தில் தொடங்கிய மனத்தாங்கல் கோயில் திருவிழா வரைக்கும் போகும்.

எழுதத் தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் எழுதப்போகும் நிபந்தனைகள், ஆட்களைத் தெரிவுசெய்த பிறகு அவர்களுக்குப் பொருந்தும்படி எழுதியவையா, அல்லது தெரிவுக்கு முன்பே இருந்தவையா? இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒன்பது பேரின் விபரங்களையும் பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் நிபந்தனைகளை வையுங்கள். இரண்டையும் கணக்குப் பகுதியில் இருக்கும், இந்தத் தெரிவில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து மூன்று பேரைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். அவருக்கும் அதே மூன்று பேர் வந்தால் தயங்காமல் எழுதலாம். வேறு ஆட்கள் வந்தால், நிபந்தனையில் எழுதப்படாத ஏதோ ஒன்றை வைத்துத்தான் நீங்கள் தெரிவுசெய்திருக்கிறீர்கள். அது என்ன என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது ‘ஈடுபாடு’, ‘நல்ல மனப்பாங்கு’ என்பது போல ஒன்றாக இருக்கும். அவற்றைப் பொது மெயிலில் எழுதினால், எடுபடாத ஆறு பேருக்கும் ஈடுபாடில்லை என்று எழுதியதாகத்தான் வாசிப்பார்கள்.

உங்கள் ஒன்பது பேரின் விபரம் எனக்குத் தெரியாது. ஆகவே ஒரு மாதிரி நிலைமையை வைத்துப் பார்ப்போம். பயிற்சியின் மையப் பகுதி கேர்பர் முறையில் கொழுப்பு அளவிடுவது என்று வைத்துக்கொள்வோம். பியூட்டிரோமீற்றர் குழாயில் 10 மில்லிலீற்றர் கந்தக அமிலம் விட்டு, மேலே 10.75 மில்லிலீற்றர் பாலை மெதுவாக இறக்கி, 1 மில்லிலீற்றர் அமைல் அல்ககோல் சேர்த்து, மூடிக் குலுக்கி, சுழற்றும் இயந்திரத்தில் வைத்து வாசிப்பு எடுக்கும் வேலை அது. அமிலம் சூடாகிக் கையில் பட்டால் புண்ணாகும். பாலை வேகமாக விட்டால் கருகி, வாசிப்பே பிழைத்துவிடும். விவசாயிக்கு லீற்றருக்கு என்ன விலை என்பதை இந்த வாசிப்புத்தான் பெருமளவு முடிவுசெய்கிறது. ஆகவே முதல் நிபந்தனை தானாகவே வந்துவிடுகிறது: இந்தச் சோதனையைத் தன் கையால் தினமும் செய்பவர், அல்லது திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் செய்யத் தொடங்குபவர். லாக்டோமீற்றர் மட்டும் உள்ள பால் சேகரிப்பு நிலையத்தில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பயிற்சி முடிந்து வந்தால் கை வைக்க அங்கே கருவி இல்லை.

இரண்டாவது, திரும்பி வந்து குறைந்தது ஒரு வருடமாவது சங்கத்தில் இருக்கும்படி ஒப்பந்தக் காலம் மீதி இருப்பது. மூன்றாவது, ஒரு நிலையத்திலிருந்து ஒருவர் மட்டும். ஐந்து நாளும் பால் வருவது நிற்காது, காலையில் கான் எடுத்துவருபவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. நான்காவது, கடந்த ஆறு மாதத்துப் பரிசோதனைப் பதிவேடு ஒழுங்காக இருப்பது. இவற்றுக்குப் பிறகும் சமமாக வருபவர்கள் இருந்தால், கடந்த இரண்டு வருடத்தில் குறைவான பயிற்சிக்குப் போனவருக்கு முதலிடம்.

ஒன்பது பேரையும் இதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேரின் நிலையத்தில் கேர்பர் கருவி இல்லை, ஏழு பேர் மிச்சம். ஒருவரின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, ஆறு. பரந்தனில் இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் நிற்க வேண்டும், ஐந்து. ஒருவரின் பதிவேட்டில் இடைவெளிகள் இருக்கின்றன, நான்கு. நான்கு பேரில் மூன்று பேரைத் தெரிவுசெய்ய, முந்திய பயிற்சிகளின் எண்ணிக்கை முடிவுசெய்கிறது. இப்படிப் பார்த்தால் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு காரணம், அதுவும் ஒரே வரியில் சொல்லக்கூடிய காரணம், கைக்கு வந்துவிடுகிறது. புள்ளி போட்டு 67, 64, 63 என்று வரிசைப்படுத்துவதைவிட இந்த முறை உங்களைப் போன்ற சிறிய சங்கத்துக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஒரு புள்ளி வித்தியாசம் எதைக் காட்டுகிறது என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பதிவேட்டில் எத்தனை நாள் பதிவில்லை என்று கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டலாம்.

இங்கே இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. ஒன்று சேவை மூப்பு. நம் பக்கத்தில் யாரும் சொல்லாமலே எல்லாரும் எதிர்பார்ப்பது அதைத்தான். பதினைந்து வருடம் வேலை செய்த அண்ணர் இருக்க, மூன்று வருடப் பிள்ளை போவதா என்ற கேள்வி கட்டாயம் வரும். மூப்பை நிபந்தனையாக எடுக்கவில்லை என்றால், எடுக்கவில்லை என்று பொது மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மற்றது மொழி. பயிற்சி பேராதனைப் பக்கம் சிங்களத்தில் நடக்கிறது என்றால், விரிவுரையும் குறிப்பும் தமிழில் கிடைக்குமா, மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று பயிற்சி நடத்துபவர்களிடம் முதலில் கேளுங்கள். கேட்ட பிறகும் சிங்களம் விளங்குபவர்தான் போக முடியும் என்றால், அதை விண்ணப்பம் கோரிய அறிவித்தலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லாததை இப்போது தெரிவாகாமைக்குக் காரணமாகக் கொண்டுவர முடியாது.

சரி, இனிப் பொது மெயில். இவ்வளவு போதும்:

> பொருள்: பால் தரப் பரிசோதனைப் பயிற்சி – தெரிவானவர்களும் தெரிவு நிபந்தனைகளும்
>
> அன்பின் உத்தியோகத்தர்களுக்கு,
>
> மேற்படி ஐந்து நாள் வதிவிடப் பயிற்சிக்கு எமது சங்கத்துக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. ஒன்பது பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அக்கராயன், கண்டாவளை, பரந்தன் நிலையங்களிலிருந்து பின்வரும் மூவரைப் பரிந்துரைக்கத் தீர்மானித்துள்ளோம்: (பெயர்கள்).
>
> தெரிவின்போது பின்வருவனவற்றை இந்த வரிசையில் பார்த்தோம். முதலில், கேர்பர் முறைச் சோதனையைத் தற்போது செய்பவரா, அல்லது பயிற்சி முடிந்து மூன்று மாதத்துக்குள் செய்யத் தொடங்குபவரா என்பது. அடுத்து, பயிற்சிக்குப் பின் குறைந்தது ஒரு வருடம் ஒப்பந்தக் காலம் இருக்கிறதா என்பது. பால் சேகரிப்பு தடைப்படாமல் இருக்க ஒரு நிலையத்திலிருந்து ஒருவரை மட்டும் எடுத்தோம். பின்னர், கடந்த ஆறு மாதப் பரிசோதனைப் பதிவேட்டைப் பார்த்தோம். இவை அனைத்திலும் சமமாக இருந்தவர்களுள், கடந்த இரண்டு வருடத்தில் குறைவான பயிற்சிகளுக்குச் சென்றவருக்கு முன்னுரிமை கொடுத்தோம். சேவைக் காலத்தையும் வயதையும் இந்தத் தெரிவில் கணக்கில் எடுக்கவில்லை.
>
> மூவர் கொண்ட குழு இத்தெரிவைச் செய்தது. குழுவில் உள்ள ஒருவருக்கு உறவினரான விண்ணப்பதாரி பற்றிப் பேசும்போது அவர் அதில் கலந்துகொள்ளாதிருந்தார். விண்ணப்பித்த ஏனையோருக்கு அவரவர் விண்ணப்பம் பற்றித் தனியாக அறிவித்துள்ளோம். தெரிவு குறித்துக் கேட்க விரும்புபவர்கள் 21ஆம் திகதி மாலை 4 மணிக்கு முன்னர் என்னிடம் நேரிலோ எழுத்திலோ தெரிவிக்கலாம். பரிந்துரைப் படிவங்கள் 22ஆம் திகதி அனுப்பப்படும்.

உறவினர் பற்றிய வரி உண்மையாக நடந்திருந்தால் மட்டும் போடுங்கள். நடக்கவில்லை, ஆனால் உறவினர் ஒருவர் தெரிவாகியிருக்கிறார் என்றால், மெயிலைத் தள்ளிவைத்து அந்த ஆள் இல்லாமல் குழுவை மீண்டும் கூட்டுங்கள். எழுத்தில் சரிக்கட்டக்கூடிய விஷயம் இல்லை இது.

திகதிகளைக் கவனித்திருப்பீர்கள். பயிற்சி நிறுவனத்துக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாள் 25 என்றால், உள்ளே அறிவிப்பது 18இல் நடக்க வேண்டும். பல இடங்களில் பெயரை அனுப்பிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருவர் நியாயமான ஆட்சேபணையோடு வந்தாலும் உங்களால் எதுவும் செய்ய முடியாது. ‘கேட்கலாம்’ என்று மெயிலில் எழுதியதற்குப் பொருளே இல்லாமல் போகும்.

இனித் தனிக் கடிதங்கள். என்னைக் கேட்டால் முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. முதலில் ஆளோடு பேசுங்கள். நிலையம் தூரமென்றால் தொலைபேசியில் பேசுங்கள், அப்புறம் அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: தெரிவாகவில்லை என்பது முதல் வரியிலேயே, எந்த நிபந்தனையில் நின்றது என்பது, அதை எது மாற்றும் என்பது. கருவி இல்லாத நிலையத்தில் இருப்பவருக்கு இப்படி எழுதலாம்:

> உங்கள் விண்ணப்பம் இம்முறை தெரிவாகவில்லை. பயிற்சியின் பெரும்பகுதி கேர்பர் முறைச் சோதனை பற்றியது. உங்கள் நிலையத்தில் அதற்கான கருவி தற்போது இல்லை, அடுத்த மூன்று மாதத்துக்குள் வாங்கும் திட்டமும் இல்லை. ஏனைய நிபந்தனைகளில் உங்கள் விண்ணப்பத்தில் குறை எதுவும் காணப்படவில்லை. கருவி வாங்கத் தீர்மானமானால், இதே பயிற்சிக்கான அடுத்த அழைப்பில் உங்கள் விண்ணப்பம் ஏனையவர்களுடையதோடு சேர்த்துப் பார்க்கப்படும்.

‘அடுத்த முறை நிச்சயம் உங்களுக்குத்தான்’ என்று எழுதாதீர்கள். அந்த இடத்தில் வாய் தானாகவே அதைச் சொல்ல வரும், தொலைபேசியில் பேசும்போது இன்னும் கவனம் தேவை. அடுத்த முறை இடம் வருமா, எத்தனை வரும், யார் விண்ணப்பிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஆள் அதை ஞாபகம் வைத்திருப்பார், நியாயமாகவே கேட்பார்.

எழுதக் கடினமான கடிதம் பதிவேட்டு ஆளுக்கானது. ‘வேலையில் பொறுப்பில்லை’, ‘பதிவுகள் திருப்தியாக இல்லை’ என்பவை ஆளைப் பற்றிய தீர்ப்புகள். அவருக்குத் தேவை, தானே புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கக்கூடிய ஒன்று. ‘ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான பதிவேட்டில் 23 நாட்களுக்குக் கொழுப்பு வாசிப்பு எழுதப்படவில்லை. அந்த நாட்களில் பால் சேகரிக்கப்பட்டதாகக் கொள்வனவுப் புத்தகத்தில் உள்ளது’ என்று எழுதினால் அவர் எதை மறுப்பது, எதை விளக்குவது என்று அவருக்குத் தெரியும். இயந்திரம் பழுதாகி இருந்திருக்கலாம், அமிலம் முடிந்து தலைமைக் கந்தோர் அனுப்பாமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அது அவர் பிழையே இல்லை. ஆகவே இந்த ஆளோடு தெரிவை முடிக்கும் முன்னரே பேசியிருக்க வேண்டும். பேசாமல் இருந்தால் கடிதம் எழுதுவதற்கு முன் கட்டாயம் பேசுங்கள். விளக்கம் சரியென்றால் அவர் மீண்டும் பட்டியலுக்குள் வருவார். இதுவரை யாரும் அவரிடம் பதிவேடு பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றால், முதல்முறை சொல்லும் இடம் இந்தக் கடிதமாக இருக்கக்கூடாது.

ஒப்பந்தம் முடிபவருக்கு எழுதும்போது வேறொரு ஆபத்து இருக்கிறது. ‘உங்கள் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிவதால்’ என்று மட்டும் எழுதினால், புதுப்பிக்க மாட்டார்கள் என்று அவர் விளங்கிக்கொள்வார், வேறு வேலை தேடத் தொடங்குவார். புதுப்பிப்பது பற்றி இன்னும் தீர்மானம் எடுக்கவில்லை என்றால், அதையும் சேர்த்து எழுதுங்கள்: ‘ஒப்பந்தப் புதுப்பிப்பு பற்றிய தீர்மானம் இதில் சம்பந்தப்படவில்லை, அது நவம்பரில் தனியாகப் பார்க்கப்படும்.’ பரந்தனில் நின்றவருக்கும், கடைசிச் சமநிலையில் நின்றவருக்கும் எழுதுவது சுலபம். அவர்களிடம் குறை எதுவும் இல்லை, என்ன நடந்தது என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பரந்தனில் இரண்டு பேரில் ஒருவரை எப்படித் தெரிவுசெய்தீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். அங்கேயும் முந்திய பயிற்சி எண்ணிக்கையைத்தான் பார்த்தீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள்.

எந்தக் கடிதத்திலும் வரக்கூடாதவை சில இருக்கின்றன. இன்னொரு விண்ணப்பதாரியோடு ஒப்பிடாதீர்கள். ‘அவரைவிட நீங்கள்’ என்று தொடங்கினாலே சண்டைதான். உடல்நலம், கர்ப்பம், வீட்டு நிலைமை எதையும் காரணமாக எழுதாதீர்கள், காரணமாக நினைக்கவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையாக வைத்திருக்கிறது. சட்டத்தை விட்டாலும், நம் அலுவலகங்களில் அடிக்கடி நடக்கும் அநியாயம் ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. ‘கைப்பிள்ளைக்காரி, ஐந்து நாள் தங்கமாட்டா’ என்று குழுவே அவருக்காக முடிவெடுத்துவிடும். அவர் விண்ணப்பித்திருக்கிறார் என்றாலே யோசித்துத்தான் விண்ணப்பித்திருக்கிறார். பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுப் போவாரா, கணவர் லீவு போடுவாரா என்பது அவர் வீட்டுக் காரியம். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான், அதையும் ஒன்பது பேரிடமும் கேளுங்கள்: ஐந்து நாளும் அங்கே தங்க முடியுமா? பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் சங்கம் என்ன ஒழுங்கு செய்கிறது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று தெரியாமல் பெண் உத்தியோகத்தர்களால் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது.

மெயில் அனுப்பும்போது ஒரு சின்ன விஷயம். முகாமையாளரோடு நடந்த பழைய உரையாடலுக்கு மேலேயே எழுதி அனுப்பாதீர்கள். கீழே ‘அந்த ஆளை விடுங்கோ, வாய்க்காரன்’ என்று குழுவில் யாரோ எழுதியது அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். புதிய மெயிலாகத் திறந்து எழுதுங்கள். தெரிவு அட்டவணையை இணைக்காதீர்கள். தேவையில்லாத நிரல்களை மறைத்துவிட்டு அனுப்பினாலும், கிடைத்தவர் திறந்து பார்த்துவிடலாம். சேகரிப்பு நிலையங்களில் எல்லாரும் மெயில் பார்ப்பதில்லை என்பதால் பொது அறிவித்தலை அச்செடுத்துப் பலகையிலும் ஒட்டுங்கள், ஆனால் தனிக் கடிதங்கள் ஆறு பேருக்கும் கிடைத்ததை உறுதிசெய்த பிறகு.

21ஆம் திகதிக்குள் யாராவது வந்தால் என்ன செய்வது என்று இப்போதே தீர்மானித்து வையுங்கள். உதாரணமாக, கருவி இல்லாத நிலையத்துக்காரர் வந்து, ‘எங்கள் நிலையத்துக்குக் கருவி கொள்வனவுக் கட்டளை போயிருக்கிறது, அடுத்த மாதம் வருகிறது’ என்கிறார். கொள்வனவுப் பகுதியில் கட்டளைப் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். உண்மை என்றால் அவர் முதல் நிபந்தனையை நிறைவேற்றியவர், மற்ற நிபந்தனைகளிலும் அவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் அவர் மேலே வந்தால் மூன்றாவது பெயர் மாறும். மாற்றுங்கள். வெளியே போகும் ஆளிடம் நீங்களே நேரில் போய், எந்தத் தகவல் புதிதாக வந்தது, அதனால் எது மாறியது என்று சொல்லுங்கள். பிறகு இரண்டாவது பொது மெயில் அனுப்புங்கள், அதில் ‘18ஆம் திகதி அறிவித்தலுக்குப் பின் கிடைத்த கொள்வனவுத் தகவலின்படி பட்டியல் திருத்தப்பட்டுள்ளது’ என்ற வரியும் புதிய மூன்று பெயர்களும் மட்டும் இருக்கட்டும். கட்டளை இன்னும் போகவில்லை, பேச்சளவில்தான் இருக்கிறது என்றால் பட்டியல் மாறாது. அதையும் அவருக்கு அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிட்டு, 22ஆம் திகதி படிவங்களை அனுப்புங்கள்.